‘வாய்ப்பு அதிகம்’ என்றால் எவ்வளவு? பருவநிலை அறிக்கைச் சுருக்கத்தைத் தமிழாக்கப் புதிதாக வருபவர்களுக்கு

ஐபிசிசி எனப்படும் பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு, ஆயிரக்கணக்கான பக்கங்களில் மதிப்பீட்டு அறிக்கை எழுதும். கூடவே, கொள்கை வகுப்பாளர்களுக்கான சுருக்கம் என்று முப்பது பக்கங்களை ஒட்டிய ஆவணம் ஒன்றும் வரும். பொதுவாசகருக்காக யாராவது தமிழாக்க உட்கார்ந்தால், கையில் எடுப்பது பெரும்பாலும் இந்தச் சுருக்கத்தைத்தான். இந்தக் கட்டுரைக்கு ஆறாவது மதிப்பீட்டின் முதல் பணிக்குழு 2021 ஆகஸ்டில் வெளியிட்ட சுருக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

பசுங்குடில் வாயு, பனிப்படலம் போன்ற கலைச்சொற்களுக்குத் தமிழில் ஏற்கெனவே புழக்கம் இருக்கிறது. இல்லாவிட்டாலும் ஒரு வரியில் விளக்கிவிடலாம். சிக்கல் வேறிடத்தில். இந்தச் சுருக்கத்தை உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகள் வரிவரியாக உட்கார்ந்து பேசி ஏற்றுக்கொள்கிறார்கள். ஒரு வாக்கியத்தில் ‘லைக்லி’ வர வேண்டுமா, ‘வெரி லைக்லி’ வர வேண்டுமா என்பது விஞ்ஞானிகள் ஆதாரங்களை எடைபோட்டு எடுத்த முடிவு. நாமோ அதை நடை அழகுக்காகப் போட்ட அடைமொழியாக நினைத்து, ஓரிடத்தில் ‘கூடும்’ என்றும் இன்னோரிடத்தில் ‘லாம்’ என்றும் எழுதிவிடுகிறோம். அந்த இடத்தில் அறிக்கை சொன்னது மாறிப்போகிறது.

முதலில் அடிக்குறிப்பைப் படியுங்கள்

சுருக்கத்தின் தொடக்கத்திலேயே, நான்காம் அடிக்குறிப்பில், இந்தச் சொற்களின் அளவுகோல் கொடுக்கப்பட்டிருக்கிறது. மொழிபெயர்ப்பை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அதில் இரண்டு வெவ்வேறு அளவுகோல்கள் இருக்கின்றன. ஒன்று வாய்ப்பின் அளவு: ஒரு விஷயம் நடந்திருக்க, அல்லது நடக்க, நூற்றுக்கு எத்தனை பங்கு வாய்ப்பு. இது எண்ணோடு கட்டப்பட்டது. மற்றொன்று நம்பகம்: அந்த முடிவுக்குப் பின்னால் இருக்கும் சான்றுகள் எவ்வளவு வலுவானவை, அவை எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது. மிகக் குறைவு, குறைவு, நடுத்தரம், உயர்வு, மிக உயர்வு என்று ஐந்து படிகள். இதற்கு எண் கிடையாது. ‘உயர் நம்பகம்’ என்றால் 80 சதவீதம் என்று நாமாகப் போட்டுவிடக் கூடாது.

வாய்ப்பின் அளவுகோலுக்கு நான் பரிந்துரைக்கும் தமிழ் இது:

| மூலச் சொல் | அளவு | தமிழில் |
|---|---|---|
| வர்ச்சுவலி செர்ட்டன் | 99–100% | ஏறத்தாழ உறுதி |
| எக்ஸ்ட்ரீம்லி லைக்லி | 95–100% | வாய்ப்பு மிக மிக அதிகம் |
| வெரி லைக்லி | 90–100% | வாய்ப்பு மிக அதிகம் |
| லைக்லி | 66–100% | வாய்ப்பு அதிகம் |
| மோர் லைக்லி தேன் நாட் | 50%-க்கு மேல் | நடக்காமல் இருப்பதைவிட நடக்கவே வாய்ப்பு கூடுதல் |
| அபவுட் அஸ் லைக்லி அஸ் நாட் | 33–66% | நடக்கவும் நடக்காமல் இருக்கவும் ஏறத்தாழச் சம வாய்ப்பு |
| அன்லைக்லி | 0–33% | வாய்ப்பு குறைவு |
| வெரி அன்லைக்லி | 0–10% | வாய்ப்பு மிகக் குறைவு |
| எக்ஸ்ட்ரீம்லி அன்லைக்லி | 0–5% | வாய்ப்பு மிக மிகக் குறைவு |
| எக்செப்ஷனலி அன்லைக்லி | 0–1% | ஏறத்தாழ நடக்காது |

அட்டவணையின் இரண்டாவது நெடுவரிசையைக் கவனித்தால் ஒன்று தெரியும். ‘வாய்ப்பு அதிகம்’ என்பது 66-இலிருந்து 90 வரை என்று நின்றுவிடவில்லை, 100 வரை போகிறது. 90-க்கு மேல் இருப்பதும் இதற்குள் அடக்கம். ‘மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு’ என்று எழுதினால் கீழ் எல்லையை மட்டும் சொன்னதாகிவிடும். ‘குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு’ என்று எழுதினால்தான் சரி.

இந்தச் சொற்கள்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. உங்களுக்கு வேறு சொல் பிடித்திருந்தால் அதையே வையுங்கள். ஆனால் ஒரு படிக்கு ஒரே சொல்தான் இருக்க வேண்டும், அந்தச் சொல் வேறெந்தப் படிக்கும் வரக் கூடாது. வந்த சொல்லே திரும்பத் திரும்ப வந்தால் நடை சலிக்குமே என்ற கவலையை இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஒதுக்கிவையுங்கள்.

ஏன் ‘லாம்’, ‘கூடும்’ வேண்டாம்

வானிலைச் செய்திகளில் ‘கனமழை பெய்ய வாய்ப்புள்ளது’ என்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதைக் கேட்டதும் ‘வந்தாலும் வரும், வராவிட்டாலும் போகும்’ என்று எடுத்துக்கொள்வது நம் பழக்கம். ஆகவே வெறும் ‘வாய்ப்புள்ளது’ 66 சதவீதத்தைத் தாங்காது. ‘உயரலாம்’, ‘உயரக்கூடும்’ இன்னும் பலவீனம். எதிர்ப்பக்கம் போய் ‘உயரும்’ என்று மட்டும் எழுதினால், தமிழில் அது உறுதிமொழி மாதிரி ஒலிக்கும். அதனால்தான் ‘அதிகம்’, ‘மிக அதிகம்’ என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘உயர்வதற்கே வாய்ப்பு அதிகம்’ என்று ஓர் ஏகாரத்தைச் சேர்த்துக்கொண்டால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் தெளிவாகிவிடும்.

கடந்த கால வாக்கியங்களில் இன்னொரு நெருடல் வரும். நடந்து முடிந்ததற்கு எப்படி ‘வாய்ப்பு’ என்று யோசித்து, பலர் ‘அதிகரித்துள்ளதாகத் தெரிகிறது’ என்று நழுவிவிடுவார்கள். ‘அதிகரித்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம்’ என்று எழுதுங்கள், தமிழ் தடையில்லாமல் இடம் கொடுக்கும். கெட்ட விஷயங்களுக்கு ‘வாய்ப்பு’ பொருந்தாது என்று ‘அபாயம் உள்ளது’ என மாற்றுபவர்களும் உண்டு. ஐபிசிசி ஆவணங்களில் அபாயம் என்பது தனிப் பொருள் கொண்ட இன்னொரு சொல், அதை இங்கே இழுக்க வேண்டாம். ‘புயல் உருவாக வாய்ப்பு’ என்று நாள்தோறும் படிக்கும் வாசகருக்கு இதில் தடுமாற்றம் எதுவும் இருக்காது.

நம்பகத்துக்கும் சொல் தேர்வில் கவனம் வேண்டும். ‘நம்பிக்கை’ என்று போட்டால் விஞ்ஞானிகள் எதையோ நம்புகிறார்கள் என்ற வாடை வரும். ‘உறுதி’ என்று போட்டால் ‘ஏறத்தாழ உறுதி’யோடு மோதும். ஆகவே ‘உறுதி’யை வாய்ப்பு அளவுகோலின் உச்சிக்கே விட்டுவிட்டு, இதற்கு ‘நம்பகம்’ என்று வைத்தேன்.

சொல்லுக்குப் பக்கத்திலேயே எண்

அளவுகோல் அட்டவணையை முன்னுரையில் ஒருமுறை கொடுத்துவிட்டால் போதும் என்று தோன்றும். போதாது. டேவிட் புடெஸ்கு என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஐபிசிசி வாக்கியங்களையே வாசகர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். அளவுகோல் கையில் இருந்தும் வாசகர்கள் ‘வெரி லைக்லி’யை 90-க்கு வெகு கீழே வைத்தார்கள். குறைந்த வாய்ப்பைக் குறிக்கும் சொற்களை உள்ளதைவிட மேலே வைத்தார்கள். எல்லாமே நடுவை நோக்கிச் சரிந்தன. வாக்கியத்துக்குள்ளேயே எண்ணையும் சேர்த்துக் கொடுத்தபோது நிலைமை மேம்பட்டது. பிறகு 24 நாடுகளில், 17 மொழிகளில் செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்விலும் இதே போக்குதான்.

ஆகவே பொதுவாசகருக்கான பதிப்பில் ஒவ்வொரு முறையும் சொல்லை அடுத்து அடைப்புக்குறிக்குள் (90–100%) என்று எண்ணைக் கொடுங்கள். மூலத்தில் வாக்கியத்துக்குள் எண் இல்லையே, இது கூடுதலாகச் சேர்ப்பதாகாதா என்று கேட்கலாம். எண் அதே ஆவணத்தின் அடிக்குறிப்பில் இருக்கிறது, அதைத்தான் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறோம். முன்னுரையில் அதை ஒரு வரியில் தெரிவித்துவிட்டால் முடிந்தது.

மூலத்தில் அளவுகோல் சொற்கள் சாய்வெழுத்தில் இருக்கும். தமிழ் எழுத்துருக்களைச் சாய்த்தால் கண்ணை உறுத்தும். தடித்த எழுத்து அல்லது அடிக்கோடு, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். அப்புறம், சாய்வெழுத்தில் இல்லாத ‘மே’, ‘குட்’ போன்றவை அளவுகோலில் சேராதவை. ‘லாம்’, ‘கூடும்’ இரண்டையும் அவற்றுக்கென்று ஒதுக்கிவைக்கலாம்.

ஒரு வாக்கியத்தைச் செய்துபார்ப்போம்

கடல்மட்டம் பற்றிய ஏ.1.7 பத்தியை எடுப்போம். 1901 முதல் 2018 வரை உலக சராசரிக் கடல்மட்டம் 0.20 [0.15–0.25] மீட்டர் உயர்ந்தது என்று அது தொடங்குகிறது. உயர்வின் வேகம் 2006–2018 காலத்தில் ஆண்டுக்கு 3.7 [3.2–4.2] மில்லிமீட்டரை எட்டியது என்கிறது. இந்தச் சதுர அடைப்புக்குறிகளுக்கும் பொருள் உண்டு: நிஜ அளவு அதற்குள் இருக்க ‘வாய்ப்பு மிக அதிகம்’ என்ற 90 சதவீத இடைவெளி அது. சாதாரண அடைப்புக்குறியாக மாற்றவோ, ‘சுமார் 3.7’ என்று சுருக்கவோ வேண்டாம்.

பத்தியின் கடைசி வாக்கியம்தான் பாடம் நடத்தத் தோதானது. அவசரத்தில் அது தமிழில் பெரும்பாலும் இப்படி வரும்:

“1971-க்குப் பிறகு கடல்மட்டம் உயர்ந்ததற்கு மனிதர்களும் ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம்.”

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூலத்தில் ‘வெரி லைக்லி’ இருந்தது, இங்கே ‘இருக்கலாம்’ ஆகிவிட்டது. மூலத்தில் ‘குறைந்தது 1971 முதல்’ என்று இருந்தது. அதாவது அதற்கு முன்பும் அப்படி இருந்திருக்கலாம், ஆனால் 1971 முதல் என்று சொல்லத்தான் போதிய வலு இருக்கிறது. ‘1971-க்குப் பிறகு’ என்றதும் அந்த ஆண்டில்தான் எல்லாம் தொடங்கியது போலாகிவிட்டது. மூன்றாவது, ‘மெயின் டிரைவர்’. இதற்கும் சுருக்கத்தில் ஓர் அடிக்குறிப்பு உண்டு: மாற்றத்தில் 50 சதவீதத்துக்கு மேல் பொறுப்பானது என்று பொருள். ‘ஒரு முக்கியக் காரணம்’ என்றால் பலவற்றில் ஒன்று என்றாகிவிடும்.

இவற்றைத் திருத்தி ‘பாதிக்கு மேல்’, ‘90–100%’ இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்தால் புதிய குழப்பம் கிளம்பும். ‘கடல்மட்ட உயர்வில் 90 சதவீதம் மனிதர்களால்’ என்று வாசகர் இரண்டு எண்களையும் ஒட்டிவிடுவார். இரண்டும் வெவ்வேறு விஷயங்களின் அளவு. ஆகவே இங்கே மட்டும் எண்ணைச் சற்று விரித்து எழுதுவது நல்லது:

“குறைந்தது 1971 முதல், இந்த உயர்வுகளுக்கு மனிதத் தாக்கமே முதன்மைக் காரணமாக (பாதிக்கு மேல் பொறுப்பாக) இருந்திருப்பதற்கு வாய்ப்பு மிக அதிகம் (இப்படி இருந்திருக்க 100-க்கு 90 முதல் 100 வரை வாய்ப்பு).”

வாக்கியம் கொஞ்சம் நீண்டுவிட்டது. பரவாயில்லை.

நம்பகக் குறிப்பு எந்தத் துண்டுக்கு உரியது

ஆங்கிலத்தில் நம்பகக் குறிப்பு பெரும்பாலும் துண்டின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் வரும். தமிழில் வினை கடைசிக்குப் போவதால், துண்டுகள் முன்பின்னாக மாறி, குறிப்பு வேறு துண்டோடு ஒட்டிக்கொள்ளும். புயல்களைப் பற்றிய ஏ.3.4 பத்தியில் இது நன்றாகத் தெரியும். அங்கே ஒரே வாக்கியத்தில் மூன்று கூற்றுகள்: கடந்த நாற்பது ஆண்டுகளில் வெப்பமண்டலப் புயல்களில் 3–5 வகைப் பெரும்புயல்களின் பங்கு உலக அளவில் அதிகரித்திருக்க வாய்ப்பு அதிகம், மேற்கு வட பசிபிக்கில் புயல்கள் உச்ச வலிமையை எட்டும் அட்சரேகை வடக்கே நகர்ந்திருக்க வாய்ப்பு மிக அதிகம், இந்த மாற்றங்களை இயற்கையான ஏற்றத்தாழ்வை மட்டும் வைத்து விளக்க முடியாது. நடுத்தர நம்பகம் என்ற குறிப்பு மூன்றாவதற்கு உரியது. மூன்றையும் ஒரே நீள வாக்கியமாகத் தமிழில் கோத்துக் கடைசியில் குறிப்பை வைத்தால், அது எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிடும்.

வழி சுலபம். மூலத்தில் ஒவ்வொரு கூற்றையும் பென்சிலால் கோடு போட்டுப் பிரியுங்கள், அதனதன் குறிப்பை அதனுடன் அம்புக்குறியால் கட்டுங்கள். தமிழில் ஒரு கூற்றுக்கு ஒரு வாக்கியம் என எழுதி, குறிப்பை அந்த வாக்கியத்தின் வினைமுற்றை அடுத்து வையுங்கள். மூலத்தில் ஒரு வாக்கியமாக இருந்தது தமிழில் மூன்றாவதில் தவறே இல்லை.

அடுத்த வரிதான் கண்ணிவெடி. எல்லா வகைப் புயல்களையும் சேர்த்து, அவற்றின் எண்ணிக்கையில் நீண்ட காலப் போக்கு பற்றிக் குறைந்த நம்பகமே உள்ளது என்கிறது அறிக்கை. இதை ‘புயல்கள் அதிகரித்ததாக நம்பிக்கை இல்லை’ என்று எழுதினால், தமிழ் வாசகர் ‘அதிகரிக்கவில்லையாம்’ என்று படிப்பார். அறிக்கை சொல்ல வந்ததோ கூடியதா குறைந்ததா என்று சொல்லப் போதிய வலுவான சான்று கையில் இல்லை என்பது. ‘எல்லா வகைப் புயல்களின் எண்ணிக்கையிலும் நீண்ட காலப் போக்கு எப்படி என்பது பற்றிய முடிவுகளுக்கு நம்பகம் குறைவு’ என்று, போக்கின் திசையைத் தொடாமல் எழுதுங்கள். ‘வாய்ப்பு குறைவு’, ‘நம்பகம் குறைவு’ இரண்டும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்துவிட்டதா என்று கடைசியில் தனியாக ஒருமுறை தேடிப்பாருங்கள். இந்த வேலையில் அதிகம் நடக்கிற, அதிகம் கெடுக்கிற மாற்றம் அதுதான்.

‘வரை’யும் ‘மறுப்பதற்கில்லை’யும்

வருங்காலக் கடல்மட்டத்தைச் சொல்வது பி.5.3. இந்த நூற்றாண்டு முழுக்க அது தொடர்ந்து உயரும் என்பது ஏறத்தாழ உறுதி (99–100%). எவ்வளவு உயரும் என்பது உமிழ்வைப் பொறுத்தது. மிகக் குறைந்த உமிழ்வுப் பாதையில், 1995–2014 காலத்தை ஒப்பிட, 2100 வாக்கில் 0.28–0.55 மீட்டர், மிக உயர்ந்த பாதையில் 0.63–1.01 மீட்டர். இவை ‘வாய்ப்பு அதிகம்’ என்ற இடைவெளிகள். ஏ.1.7-இன் சதுர அடைப்புக்குறியைவிடத் தளர்வானவை. நிஜ அளவு இவற்றுக்கு வெளியே போய் நிற்க மூன்றில் ஒரு பங்கு வரைகூட வாய்ப்பு இருக்கிறது.

‘0.63 முதல் 1.01 மீட்டர் வரை உயரும்’ என்று எழுதினால் அந்த ‘வரை’ ஒரு சுவர் போல் நிற்கும், 1.01-ஐத் தாண்டாது என்று வாசகர் எடுத்துக்கொள்வார். தலைப்பு வைப்பவர் பாதையையும் கீழ் எண்ணையும் வெட்டி ‘கடல் 1 மீட்டர் உயரும்’ ஆக்கிவிடுவார். இப்படி எழுதலாம்: “உமிழ்வு மிக உயர்ந்த பாதையில் போனால், 2100 வாக்கில் கடல்மட்ட உயர்வு 0.63 மீட்டருக்கும் 1.01 மீட்டருக்கும் இடையே அமைவதற்கே வாய்ப்பு அதிகம் (66–100%).” நிபந்தனையை வாக்கியத்தின் முதலிலேயே வைப்பது தமிழுக்கு இயல்பு, வெட்டுவதும் கடினம்.

இதே பத்தியில், மிக உயர்ந்த உமிழ்வுப் பாதையில் அந்த இடைவெளியையும் தாண்டி, 2100-இல் 2 மீட்டரை நெருங்கும் உயர்வையும், குறைந்த நம்பகத்தோடு, ‘ரூல்ட் அவுட்’ செய்ய முடியாது என்கிறது அறிக்கை. பனிப்படலங்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதில் உள்ள ஆழமான நிச்சயமின்மை அதற்குக் காரணம். இங்கே கைப்பழக்கத்தில் ‘மறுப்பதற்கில்லை’ என்று எழுதிவிடுவோம். தமிழில் ஒன்றை மறுப்பதற்கில்லை என்றால் அது உண்மைதான் என்று ஒப்புக்கொள்வதாகப் பொருள்! நடக்காது என்று தள்ளிவிட முடியாத ஒன்று, நடந்தே தீரும் உண்மையாகிவிடுகிறது. ‘2 மீட்டரை நெருங்காது என்று இப்போதைக்கு ஒதுக்கிவிட முடியாது (நம்பகம் குறைவு)’ என்பது அறிக்கையின் அளவில் நிற்கும்.

பொதுவாசகருக்கு நெருக்கமாக இருக்கட்டும் என்று ‘அதாவது சென்னையில் இவ்வளவு, யாழ்ப்பாணத்தில் இவ்வளவு’ என்று சேர்க்க ஆசை வரும். இவை உலக சராசரி எண்கள். ஓர் ஊரின் கரையில் கடல் எவ்வளவு ஏறும் என்பது நிலம் தாழ்வதையும் நீரோட்டத்தையும் பொறுத்து மாறும். அந்தச் சேர்க்கைக்கு இந்த ஆவணத்தில் ஆதாரம் இல்லை.

சரிபார்ப்பது

ஒரு விரிதாளில் நான்கு நெடுவரிசைகள் போதும்: பத்தி எண், மூலத்தில் உள்ள அளவுகோல் சொல், தமிழில் எழுதியது, எண். மூலத்தின் சாய்வெழுத்துச் சொற்கள் எத்தனையோ, தமிழில் குறியிட்ட சொற்களும் அத்தனை இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் எங்கோ விழுந்திருக்கிறது என்று பொருள்.

அடுத்து, மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழை மட்டும் கொடுத்து, குறியிட்ட இடங்களை ஆங்கில அளவுகோலுக்குத் திருப்பச் சொல்லுங்கள். முழு வாக்கியத்தையும் திருப்ப வேண்டியதில்லை, படி ஒத்துப்போகிறதா என்பதே கேள்வி. பிறகு துறைக்குச் சம்பந்தமில்லாத இரண்டு மூன்று பேரிடம் எண்களை நீக்கிய பிரதியைக் கொடுத்து, ‘இது நடக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று புரிகிறது?’ என்று கேளுங்கள். ‘வாய்ப்பு அதிகம்’, ‘வாய்ப்பு மிக அதிகம்’ இரண்டுக்கும் ஒரே எண்ணைச் சொன்னால் அந்த இடத்தில் சொல் தனியாக நிற்கவில்லை, எண்ணை நம்பித்தான் நிற்கிறது. அப்படிப்பட்ட வாக்கியத்தில் எண்ணை எந்தப் பதிப்பிலும் வெட்டக் கூடாது என்று விரிதாளில் குறித்துவையுங்கள். பக்கம் வடிவமைப்பவர் இடம் போதவில்லை என்று முதலில் கை வைப்பது அடைப்புக்குறிகளில்தான்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். ஐபிசிசி இந்தச் சுருக்கங்களை ஐ.நா.வின் ஆறு மொழிகளில் வெளியிடுகிறது, தமிழ் அதில் இல்லை. எனவே வெளியிடும் முன் அதன் செயலகத்துக்கு எழுதி அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். இது ஐபிசிசியின் அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பு அல்ல என்ற குறிப்பும், மொழிபெயர்த்தவர் யார் என்ற தகவலும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். நீங்கள் அமைத்த பத்துப் படி அட்டவணையையும் அதே பக்கத்தில் அச்சிடுங்கள். அடுத்த அறிக்கையைத் தமிழாக்குபவர் வேறு ஒருவராக இருந்தாலும், உங்கள் சொற்களை அப்படியே எடுத்துக்கொள்ளவோ, தெரிந்தே மாற்றவோ அது வேண்டும்.